முருகன் கொடுத்த பிள்ளைக்கு ஆறு நாள் விரதம்: இன்சுலின் போடும் கர்ப்பிணி இருக்கலாமா?

"டாக்டரம்மா, எனக்கு வயது 31. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. போன வருஷம் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ஆறு நாளும் தங்கி, பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்தேன். பிள்ளை தங்கினால் மறு வருஷமும் இதே மாதிரி இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். தங்கிவிட்டது. இந்த வருஷம் சஷ்டி தொடங்கும்போது 30 வாரம் ஆகும்.

25-வது வாரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்த்ததில் சுகர் 168. சாப்பாட்டை மாற்றிப் பார்த்தும் இறங்கவில்லை. இப்போது காலையில் 10 யூனிட், ராத்திரி 6 யூனிட் இன்சுலின் போடுகிறேன். ரத்தம் 9.8. எங்கள் டாக்டர் 'விரதமெல்லாம் கூடாது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் அத்தை, 'கொடுத்தவனுக்குக் காப்பாற்றத் தெரியாதா?' என்கிறார்.

சாப்பிடாமல் இருந்தால் சுகர் குறையத்தானே செய்யும்? அந்த ஆறு நாளும் ஊசியை நிறுத்திக்கொள்ளலாமா? டாக்டரிடம் சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். நேர்ச்சை தப்பினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ராத்திரி தூக்கமே வரவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

பாலும் பழமும் மட்டும் எடுக்கும் விரதத்தை இந்த வருஷம் நீங்கள் இருக்க வேண்டாம். உங்கள் டாக்டர் சொன்ன முடிவு சரி. காரணத்தைச் சொல்லாமல் அனுப்பியதுதான் தவறு. அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு காலையில் எண்பது கர்ப்பிணிகளைப் பார்க்கும்போது 'கூடாது' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடத் தோன்றும். அப்படி நான் அனுப்பிய பெண் ஒருத்தி, வீட்டுக்குப் போய் என்னிடம் சொல்லாமலே சஷ்டி விரதம் தொடங்கினார்.

அவருக்கு அப்போது 33 வாரம். உங்களைப் போலவே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர். 'சாப்பிடாதவளுக்கு எதற்கு ஊசி?' என்று முதல் நாளே நிறுத்திவிட்டார். மூன்று நாள் சமாளித்தார். நான்காம் நாள் காலையில் வாந்தி. பித்தம் என்று நினைத்து வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தது. அதில் 148 காட்டியது. 'சுகர் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சாயங்காலம் வரை வைத்திருந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் கொண்டுவரும்போது ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்கினார், வாயில் ஒரு புளித்த பழ வாடை. சிறுநீரில் கீட்டோன் பட்டையை நனைத்தோம். இள மஞ்சளாக இருந்த அதன் நுனி, எண்ணிப் பதினைந்து விநாடிக்குள் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. இரண்டு ராத்திரி தீவிர சிகிச்சையில் வைத்து, ஒரு கையில் குளுக்கோஸும் மறு கையில் இன்சுலினுமாக ஏற்றினோம். பிள்ளையின் இதயத் துடிப்பு முதல் சில மணி நேரம் எங்களைப் பயமுறுத்தியது, அப்புறம் சீரானது. தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். இன்னும் ஒரு ராத்திரி தாமதித்திருந்தால் இதை உங்களுக்கு இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வீட்டில் யாருக்கும் பிள்ளைமேல் அக்கறை இல்லாமல் இல்லை. மெஷினில் 148 என்று பார்த்து நிம்மதியானார்கள், அவ்வளவுதான். உங்கள் கடிதத்திலும் அதே நம்பிக்கை இருப்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

போன வருஷ உடம்பு வேறு, இந்த வருஷ உடம்பு வேறு

சாப்பிடாத நேரத்துக்கென்று ஈரல் கொஞ்சம் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும். கர்ப்பமில்லாத ஒரு பெண் ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுநாள் மதியம் வரை பட்டினி கிடந்தாலும் அந்தச் சேமிப்பு ஓரளவுக்குத் தாங்கும். போன வருஷம் உங்களுக்குத் தாங்கியது அதனால்தான்.

இப்போது வயிற்றில் இருக்கும் பிள்ளை ராத்திரி பகல் பார்க்காமல் உங்கள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்டீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அதனால் சேமிப்பு சீக்கிரம் கரைகிறது. கரைந்ததும் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. கொழுப்பு எரியும்போது வருவதுதான் கீட்டோன். மற்றவர்களுக்கு ஒன்றரை நாள், இரண்டு நாள் பட்டினியில் ஏறும் அளவு கீட்டோன், கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிக்கு 12 முதல் 18 மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கிவிடும். இதை நாங்கள் 'வேகமான பட்டினி' என்று சொல்வோம். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு, மறுநாள் காலை டிபனைத் தள்ளிப்போட்டாலே ஒரு கர்ப்பிணி அதன் வாசலுக்குப் போய்விடுகிறார்.

கொஞ்சம் கீட்டோன் வருவதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. இன்சுலின் சரியாக வேலை செய்யும் உடம்பில் அது ஓரளவு ஏறி நின்றுவிடும். சாப்பிட்டதும் இறங்கிவிடும். இன்சுலின் போதாத உடம்பில்தான் அது நிற்காமல் ஏறும்.

ஊசி: போட்டாலும் சிக்கல், நிறுத்தினாலும் சிக்கல்

சாப்பிடாமல் இருந்தால் சுகர் குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். குறையலாம். ஆனால் இன்சுலினுக்கு இருக்கும் வேலை சாப்பாட்டுச் சர்க்கரையை இறக்குவது மட்டும் இல்லை. கொழுப்பு தாறுமாறாக உடைந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். உங்களுடைய சொந்த இன்சுலினை நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் மங்கச் செய்துவிட்டன. 28-வது வாரத்துக்கு மேல் அந்த எதிர்ப்பு இன்னும் கூடும். அதை ஈடுகட்டத்தான் 10, 6 என்று வெளியிலிருந்து ஊசி. அந்த ஊசியையும் நிறுத்தி, சாப்பாட்டையும் நிறுத்தினால் கொழுப்பு உடைவதைத் தடுக்க ஆளில்லை. சுகர் மெஷினுக்கு கீட்டோன் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு சுகர் 200-ஐத் தாண்டாமலே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். 148 என்ற எண் அந்த வீட்டை ஏமாற்றியது இப்படித்தான்.

சரி, ஊசியை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு பாலும் பழமும் மட்டும் எடுத்தால்? உங்கள் மருந்து பால் மாதிரிக் கலங்கலாக இருந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிவிட்டுப் போடச் சொல்லியிருந்தால், அது பெரும்பாலும் இரண்டு வகை கலந்த இன்சுலின். ஒரு பங்கு அரை மணியில் வேலையைத் தொடங்கி காலை டிபனைப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு பங்கு மெதுவாக எழுந்து, முன்பகலிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் வேலை செய்யும். காலை ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டு ஒரு டம்ளர் பாலோடு கோயில் வரிசையில் நின்றால், பத்து பதினொரு மணிக்கு அந்த இரண்டாம் பங்கு இல்லாத சாப்பாட்டைத் தேடும். கை நடுங்கும், நெற்றி சில்லென்று வியர்க்கும், கண் இருட்டும். பக்கத்தில் நிற்பவர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்துத் திருநீறு பூசிக்கொண்டிருப்பார்கள்.

அளவைப் பாதியாக்கி நீங்களாகவே போட்டுக்கொள்ளும் யோசனையும் வேண்டாம். பாதி அளவு, அந்தந்த நேரத்துச் சாப்பாட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் விஷயத்தில் என் 'கூடாது' விரதத்தின்மேல் இல்லை. ஊசி போடும் கர்ப்பிணியின் பட்டினிமேல்தான். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மேலே பேச நிறைய இடம் இருக்கிறது.

பாலும் பழமும், கணக்குப் போட்டுப் பார்த்தால்

போன வருஷம் என்ன அளவில் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. நான் பார்த்தவரைக்கும், விரதக்காரர்கள் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் பால், நாலு சின்ன வாழைப்பழம், சாயங்காலம் ஒரு சாத்துக்குடி ஜூஸ் எடுப்பார்கள். (முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு மிளகு என்று இருப்பவர்களும் உண்டு. அதைப் பற்றிக் கர்ப்பிணியிடம் பேசவே வேண்டியதில்லை.) பாலில் சுமார் 500 கலோரி, பழத்தில் 350, ஜூஸில் 100. மொத்தம் 950 போல வரும். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்த மாதத்தில் தேவை 2000-ஐ ஒட்டி. புரதம் பாலில் 25 கிராம் கிடைக்கும், தேவை கிட்டத்தட்ட 70. கடைசி மூன்று மாதம்தான் பிள்ளை சதை போடும் காலம்.

அளவு குறைவு என்பது பாதி விஷயம்தான். மீதிப் பாதி, அந்தச் சாப்பாடு சேரும் விதம். வாழைப்பழமும் ஜூஸும் சர்க்கரை போட்ட பாலும் வேகமாக ரத்தத்தில் ஏறுபவை. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் 120-க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரண்டு பழமும் ஜூஸும் எடுத்தால் அது 180-ஐத் தொடலாம். அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றும் இல்லாமல் கீழே விழலாம். மேலேயும் கீழேயுமாக ஊஞ்சலாடும் அந்தச் சர்க்கரை அப்படியே நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது.

ரத்தம் 9.8 என்பதையும் விட்டுவிடக் கூடாது. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். பால் இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். நாள் முழுக்கப் பாலாகவே குடித்துக்கொண்டு நடுவில் சத்து மாத்திரை போட்டால் அது பாதி வீண். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று பலர் விரத நாளில் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். சஷ்டி தொடங்கும்போது உங்களுக்குப் பிரசவம் ஆகப் பத்து வாரம்தான் இருக்கும். பிரசவத்துக்குள் அந்த 9.8-ஐ 11-க்குக் கொண்டுவர வேண்டும். பிரசவத்தில் ரத்தம் போகும்போது கையிருப்பு இருக்க வேண்டும் அல்லவா?

டாக்டரிடம் மறுபடி போங்கள், வேறு கேள்வியோடு

சொல்லாமல் இருப்பது மட்டும் வேண்டாம். ஆறு நாளில் ஏதாவது ஆகி ராத்திரி நேரத்தில் தெரியாத ஆஸ்பத்திரிக்குப் போனால், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது ஊசி போட்டீர்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். அதை மறைத்தால் வாந்திக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சஷ்டிக்கு இரண்டு வாரம் முன்னால் போங்கள். முடிந்தால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'டாக்டர் கூடாதென்றார்' என்று நீங்கள் வந்து சொல்வதற்கும், அவரே நேரில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு வாரத்துச் சுகர் அளவுகளைச் சின்ன நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்: காலை வெறும் வயிற்றில், அப்புறம் மூன்று வேளையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டபின் 120-க்குள் என்பது நாங்கள் எதிர்பார்க்கும் அளவு. பிரஷர், சிறுநீர், ரத்த அளவு, பிள்ளையின் வளர்ச்சியும் பனிக்குட நீரும் பார்க்கும் ஸ்கேன் இவையெல்லாம் அந்த வாரத்தில் பார்த்திருந்தால் நல்லது.

அங்கே போய் 'விரதம் இருக்கலாமா?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்த டாக்டரும் 'கூடாது' என்றுதான் சொல்வார். ஏனென்றால் விரதம் என்றால் ஒருவருக்குப் பச்சைத் தண்ணீர், ஒருவருக்கு ஒருவேளைச் சோறு, இன்னொருவருக்கு அசைவம் தவிர்ப்பது. கேள்வியை இப்படி மாற்றுங்கள்: 'ஊசியும் மாத்திரையும் நிறுத்த மாட்டேன். மூன்று வேளையும் நடுவில் மூன்று தடவையும் சாப்பிடுவேன். அரிசிச் சோறு, அசைவம், வெங்காயம், பூண்டு மட்டும் ஆறு நாள் விடுகிறேன். இந்தச் சாப்பாட்டுக்கு என் ஊசி அளவு பொருந்துமா?' இதற்கு அவர் 'சரி' என்று சொல்வதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

என்னிடம் வந்திருந்தால் இப்படி ஒரு நாளை எழுதிக் கொடுத்திருப்பேன். காலை ஏழு மணிக்கு ஊசி. உங்கள் டாக்டர் சொன்ன இடைவெளி விட்டு, பாசிப்பருப்பு சேர்த்த சாமைப் பொங்கல் ஒரு கப், தேங்காய்ச் சட்னி கொஞ்சம். பத்தரைக்கு ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல். பதினொன்றரை வாக்கில் இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரோடு. பால், தயிர், டீ, சுண்ணாம்புச்சத்து மாத்திரை எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது. ஒரு மணிக்குக் குதிரைவாலிச் சோறு ஒரு கப், வெங்காயம் போடாத சாம்பார், ஒரு கப் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ. நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு சின்னக் கொய்யாப்பழம். ராத்திரி ஊசிக்குப் பிறகு இரண்டு சப்பாத்தி, பாசிப்பயறுக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர். படுக்கும் முன் பத்து மணிக்குச் சர்க்கரையில்லாத பால் ஒரு டம்ளர். இந்தக் கடைசிப் பால் ராத்திரியின் நீண்ட இடைவெளியைக் குறைக்கும். அதை மறக்காதீர்கள்.

சாமை, குதிரைவாலி, தினை என்றதும் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவையும் மாவுச்சத்துதான், ஒரு கப்போடு நிறுத்துங்கள். தேனும் தினைமாவும் முருகனுக்குப் படைத்தபின் நாக்கில் வைக்கும் அளவு எடுத்தால் போதும். பஞ்சாமிர்தமும் அப்படியே.

இந்தச் சாப்பாட்டை சஷ்டிக்கு முந்தின வாரமே ஒரு நாள் வீட்டில் ஒத்திகை பாருங்கள். அன்று ஆறு தடவை சுகர் பார்த்து எழுதுங்கள்: வெறும் வயிறு, மூன்று வேளை சாப்பிட்டபின், மதியச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன். மதியத்துக்கு முன் எண் 70-ஐ நெருங்கினால் காலை ஊசியை டாக்டர் ஒன்றிரண்டு யூனிட் குறைக்கலாம். பொங்கலுக்குப் பின் 120-ஐத் தாண்டினால் பொங்கலின் அளவைக் குறைத்துச் சுண்டலைக் கூட்டலாம். அந்த நோட்டைக் காட்டினால் டாக்டருக்கும் முடிவெடுப்பது சுலபம்.

எப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்

நடுக்கமும் வியர்வையும் வந்தால், அல்லது மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் வெறுமனே விட்டுவிடாமல் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடுங்கள். கோயிலுக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப் பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும்.

இரண்டு தடவைக்கு மேல் வாந்தி எடுத்து எதுவும் தங்கவில்லையென்றால் சுகர் எவ்வளவு காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீட்டோன் பட்டை மெடிக்கல் ஷாப்பில் டப்பாவாகக் கிடைக்கும். அந்த ஆறு நாளுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். சிறுநீரில் நனைத்ததும் நிறம் லேசான ரோஜா நிறத்தோடு நின்றால் தண்ணீரும் சாப்பாடும் எடுத்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அதைத் தாண்டிக் கருஞ்சிவப்புக்குப் போனால் காத்திருக்க வேண்டாம், வண்டி கிடைக்கவில்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளை அசைவது குறைந்தது போல இருந்தால் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். 'பிள்ளையும் விரதம் இருக்கிறது' என்று அன்போடு சொல்லும் பாட்டிகள் இருப்பார்கள், கேட்க வேண்டாம். தண்ணீர் போவது, ரத்தம் படுவது, வயிறு விட்டுவிட்டு இறுகுவது, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது இவற்றுக்கும் அதே விதிதான்.

நேர்ச்சை

நான் சாஸ்திரம் படித்தவள் இல்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் முப்பது வருஷமாகப் பிரசவம் பார்ப்பவளுக்குச் சஷ்டி தெரியாமல் இருக்காது. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்ற பழமொழியை, 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று மாற்றி, அகப்பை என்றால் கருப்பை என்று விளக்கம் சொல்லும் ஊர் நம்முடையது. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் என் கிளினிக்கில் கூட்டம் பாதியாகிவிடும். பாதிப் பேர் செந்தூரில் இருப்பார்கள்.

பிள்ளை வேண்டும் என்று இருந்த விரதம் அது. பிள்ளை வந்தபின் அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய சாப்பாட்டை நிறுத்தி அதையே திரும்ப இருக்க வேண்டுமா என்பதை நான் சொல்வதைவிடக் கோயிலில் கேட்பது நல்லது. திருச்செந்தூர் போத்திமாரிடமோ உங்கள் ஊர் முருகன் கோயில் குருக்களிடமோ, 'ஊசி போடுகிற கர்ப்பிணி, நேர்ச்சையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாமா?' என்று நேரடியாகக் கேளுங்கள். என்னிடம் வந்த குடும்பங்கள் அப்படிக் கேட்டுவிட்டுச் செய்தவை இவை: மனைவிக்காகக் கணவர் ஆறு நாளும் இருந்தார். இன்னொரு வீட்டில் விரதத்தைத் தள்ளிவைத்து, பிள்ளைக்கு முதல் மொட்டை செந்தூரில் என்று மாற்றி நேர்ந்துகொண்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் பாலும் பழமும் எடுத்து இருக்கத் தயாரா என்று கேட்டீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உங்கள் பயத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைக்கு இப்போது ஆபத்து வரக்கூடிய வழிகளை நாங்கள் அளந்து பார்க்க முடியும்: சுகர், கீட்டோன், பிரஷர், ரத்த அளவு, ஸ்கேனில் எடை, அசைவு. இவை சரியாக இருக்கும்போது தள்ளிவைத்த நேர்ச்சை ஒன்றால் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. 'கொடுத்தவனுக்குக் காப்பாற்றத் தெரியாதா?' என்ற அத்தையிடம், காப்பாற்றுவதற்குத்தான் இந்த ஊசி கைக்கு வந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரைக்குப் போக வேண்டாம். லட்சக்கணக்கான கூட்டம், மணிக்கணக்கில் நிற்பது, ஐப்பசி மழை, கழிப்பறைக்கு வழியில்லாமை, சம்ஹாரம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கடலுக்குக் குளிக்கப் பாய்வது. ஏழு மாத வயிற்றோடு இருப்பவருக்கு அது இடமே இல்லை. தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவார்கள், வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். தரிசனம் வேண்டுமென்றால் முதல் இரண்டு நாளில் ஒரு காலையில் சாப்பிட்டுவிட்டுப் போய் வாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு

சுகரும் பிரஷரும் இல்லாத, ரத்தம் 11-க்கு மேல் இருக்கும், வாந்தி நின்று நடு மூன்று மாதத்தில் இருக்கும் பெண், ஒரு வெள்ளிக்கிழமையோ ஒரு ஏகாதசியோ சோறு தவிர்த்துப் பயறும் தயிரும் பழமும் சாப்பிட்டு இருந்தால் நான் தடுப்பதில்லை. தண்ணீர்கூட இல்லாத விரதத்துக்கு எந்த மாதத்திலும் சம்மதிப்பதில்லை. ரமலான் நோன்பு இருந்த ஆரோக்கியமான கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வுகளில் பிள்ளையின் எடை பெரிதாகக் குறையவில்லை என்று வந்திருப்பதைச் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் தினமும் மாலையிலும் விடியலுக்கு முன்னும் முழுச் சாப்பாடு சாப்பிடுபவர்கள். ஆறு நாள் தொடர்ந்து பாலும் பழமும் எடுக்கும் விரதத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, இன்சுலின் போடுபவருக்குச் சுத்தமாக ஒத்துவராது. கர்ப்பிணிகள் நோன்பைத் தள்ளிவைத்துப் பின்னால் நோற்கலாம் என்ற சலுகை அந்த மார்க்கத்திலேயே இருப்பதை என் முஸ்லிம் நோயாளிகளே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சகோதரி, ஒத்திகை பார்க்கும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின அளவை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். மற்ற எண்களை அப்புறம் பேசிக்கொள்ளலாம், உங்கள் காலை ஊசியின் அளவை முடிவு செய்யப்போவது அந்த ஒன்றுதான்.